எட்டு எச்சரிக்கையில் ஒன்றுதான் நிஜம்

2013 செப்டம்பரில் ஐரோப்பிய கிரெடிட் கார்டுகளில் இரண்டே நாட்களில் நடந்த 2,84,807 பரிவர்த்தனைகளின் பட்டியல் ஒன்று, மோசடியை ஆராய்பவர்களிடையே வெகு பிரபலம். அதில் மோசடி 492 மட்டுமே; ஆயிரத்துக்கு இரண்டுகூட இல்லை.

இதில் இரண்டு மென்பொருள்களைச் சோதிப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டும் 400 மோசடிகளைப் பிடிக்கின்றன. ஆனால் முதலாவது, நேர்மையான பரிவர்த்தனைகளில் நூற்றில் ஒன்றை வீணாகச் சந்தேகிக்கிறது. இரண்டாவது ஆயிரத்தில் ஒன்றை.

ரேடார் காலத்திலிருந்து வரும் ஆர்ஓசி வளைகோட்டில், செங்குத்து அச்சு மோசடிகளில் எவ்வளவு பங்கு பிடிபட்டது என்று காட்டும். படுக்கை அச்சு, நேர்மையானவற்றில் எவ்வளவு பங்கு வீணாக மாட்டியது என்று காட்டும். 10 செ.மீ. அகலத்தில் வரைந்தால், நம் இரு மென்பொருள்களின் புள்ளிகளுக்கும் இடையே ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது.

வாடிக்கையாளர்களுக்குப் போன் போட்டு விசாரிக்கும் ஊழியருக்கோ அது மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். நேர்மையானவை 2,84,315 என்பதால், முதல் மென்பொருள் 2,843 பேர்மீது வீண்பழி போடுகிறது. இரண்டாவது 284 பேர்மீது. எச்சரிக்கைகளில் எத்தனை சதவீதம் நிஜம் என்பதே பிரிசிஷன். முதலாவதுக்கு அது 12, இரண்டாவதுக்கு 58. மோசடிகளில் எத்தனை சதவீதம் பிடிபட்டது என்பது ரீகால், இருவருக்கும் 81. இந்த இரண்டையும் அச்சுகளாக வைத்து வரைவதுதான் பிரிசிஷன்-ரீகால் வளைகோடு. அதில் இரு புள்ளிகளும் வெகுதூரம் விலகி நிற்கும்.

அந்த வளைகோட்டை ஒரே எண்ணில் சொல்வது சராசரி பிரிசிஷன். பரிவர்த்தனைகளைச் சந்தேகம் அதிகமானதிலிருந்து வரிசைப்படுத்துங்கள். பத்தில் மூன்று மோசடி. அவை 1, 3, 6-ஆம் இடங்களில் இருக்கின்றன என்போம். மேலிருந்து இறங்கும்போது, மோசடியைச் சந்திக்கும் ஒவ்வொரு இடத்திலும் அதுவரையிலான பிரிசிஷனைக் குறித்துக்கொள்ள வேண்டும்: ஒன்றுக்கு ஒன்று, மூன்றுக்கு இரண்டு, ஆறுக்கு மூன்று. 1, 0.67, 0.5 ஆகியவற்றின் சராசரி சுமார் 0.72.

இந்த எண்ணைத் தனியாகப் படிக்கக் கூடாது. குருட்டாம்போக்கில் வரிசைப்படுத்தினால் ஆர்ஓசியின் பரப்பளவு எப்போதும் 0.5-ஐ ஒட்டியே வரும். சராசரி பிரிசிஷனோ மோசடியின் பங்கை ஒட்டி, இந்தப் பட்டியலில் 0.0017 அளவில்தான் வரும். அதனால் மோசடி விகிதம் வேறான இரண்டு பட்டியல்களில் கிடைத்த மதிப்பெண்களை அப்படியே ஒப்பிட முடியாது.

ஏமாறும் இடமும் இதுவே. சோதனைக்கு வசதியாக மோசடியும் நேர்மையும் பாதிக்குப் பாதி இருக்கும்படி பட்டியலைச் சுருக்கினால், 12 சதவீதம் வாங்கிய அதே முதல் மென்பொருளின் பிரிசிஷன் 99 சதவீதத்தைத் தொட்டுவிடும். மென்பொருளில் ஓர் எழுத்தும் மாறியிருக்காது.