வீட்டு வேலைக்கு ஆள் வைத்தால் பி.எஃப். கட்ட வேண்டுமா?

சமையலுக்கு ஓர் அம்மா, காருக்கு ஒரு டிரைவர், வயதான அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள். சென்னையிலும் கோவையிலும் மூவருக்கும் மாதச் சம்பளம் கொடுக்கும் வீடுகள் நிறைய உண்டு. “இவங்களுக்கெல்லாம் பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. கட்டணுமா சார்?” என்று ஆடிட்டரிடம் கேட்டால் “வேண்டியதில்லை” என்றுதான் பதில் வரும். அந்தப் பதில் சரி. பேச்சு அதோடு முடிந்துவிடுவதுதான் ஆபத்து.

பி.எஃப். இருபது பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்களுக்கு உரியது. ஈ.எஸ்.ஐ. பொதுவாகப் பத்துப் பேரில் தொடங்குகிறது. ஒரு குடும்பத்தின் சமையலறை சட்டத்தின் பார்வையில் நிறுவனமே அல்ல. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் இதை மாற்றவில்லை. அது வீட்டுப் பணியாளரை அமைப்புசாராத் தொழிலாளர் வரிசையில் வைத்து, அரசு வகுக்கும் நலத்திட்டங்களுக்கு உரியவராக்குகிறது. வீட்டுக்காரர் மாதாமாதம் பங்களிப்புக் கட்ட வேண்டும் என்று சொல்லவில்லை. இது பெரிய குறை என்பதே என் கருத்து. இருபது வருடம் ஒரே வீட்டில் சமைத்த பெண் வேலையை விட்டுப் போகும்போது அவர் கையில் எந்தக் கணக்கும் இருப்பதில்லை.

ஆனால் டிரைவர் விஷயம் வேறு. வேலையில் விபத்து நேர்ந்தால் முதலாளி நஷ்டஈடு தர வேண்டும் என்பது 1923-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வரும் விதி. இப்போது அது புதிய தொகுப்பில் ஓர் அத்தியாயமாக இருக்கிறது. யார் யாருக்கு இந்த உரிமை என்று அதில் ஒரு பட்டியல் உண்டு. இயந்திர வாகனம் ஓட்டும் வேலை அந்தப் பட்டியலில் இருக்கிறது, வீட்டுச் சமையல் இல்லை. முதலாளி தொழில் நடத்துபவரா, வீட்டுக்காரரா என்ற வேறுபாடும் இங்கே இல்லை. ஒரே ஒரு டிரைவர் வைத்திருந்தாலும் பொறுப்பு உண்டு.

எவ்வளவு வரும் என்று ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். டிரைவருக்கு நாற்பது வயது, சம்பளம் 18,000 ரூபாய். உங்களை விமான நிலையத்தில் இறக்கிவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு திரும்பும்போது விபத்தில் இறந்துவிடுகிறார். கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் சம்பளத்துக்கு 15,000 ரூபாய் உச்சவரம்பு. அதில் பாதி 7,500. நாற்பது வயதுக்கு அட்டவணை தரும் எண் 184.17. இரண்டையும் பெருக்கினால் 13,81,275 ரூபாய். இது வீட்டுக்காரர் இரக்கப்பட்டுக் கொடுக்கும் பணம் அல்ல, அந்தக் குடும்பத்துக்குச் சேர வேண்டிய கடன். ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் ஆண்டுக்கு 12 சதவீத வட்டி ஏறும். தாமதத்துக்குத் தக்க காரணம் இல்லையென்றால், தொகையில் பாதி வரை அபராதமும் விதிக்கலாம்.

இந்தச் சுமையை இறக்கிவைக்கும் வழி கார் இன்சூரன்ஸிலேயே இருக்கிறது. பாலிசியின் பிரீமியப் பட்டியலில் ‘லீகல் லயபிலிட்டி டு பெய்ட் டிரைவர்’ என்று ஒரு வரி வரும். தனியார் காருக்கு ஒரு டிரைவருக்கு ஆண்டுக்கு 50 ரூபாய். புதுப்பிக்கும்போது மொபைலில் அவசரமாகப் பணம் கட்டுகிறவர்கள் இந்தக் கட்டத்தை டிக் செய்யாமல் விட்டுவிடுகிறார்கள். அதே தாளில் 15 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு என்று இருப்பதைப் பார்த்து, அதுதான் டிரைவருக்கு என்று நினைத்துவிடுவதும் உண்டு. அது காரின் பதிவுபெற்ற உரிமையாளர் தாமே ஓட்டினால் அவருக்கு. சம்பள டிரைவருக்கு அதில் ஒரு ரூபாய் கிடையாது. இன்று பாலிசியை எடுத்துப் பாருங்கள். அந்த வரி இல்லையென்றால் ஏஜென்டிடம் சொல்லிச் சேர்க்கச் சொல்லுங்கள். டிரைவரின் லைசென்ஸ் நகலையும் வாங்கி வையுங்கள், காலாவதித் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். லைசென்ஸ் செல்லாது என்றால், கம்பெனி கொடுத்த பணத்தைப் பிறகு உங்களிடமே திரும்பக் கேட்க முடியும்.

50 ரூபாய் எல்லாவற்றையும் மூடிவிடாது. மேலே சொன்ன அபராதத்தை இன்சூரன்ஸ் கம்பெனி ஏற்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 1997-இல் தீர்ப்பளித்திருக்கிறது. வட்டி கம்பெனியின் பாடு, அபராதம் உங்கள் பாடு. இன்னொன்று, புதிய சட்டத்தில் வந்தது. வீட்டிலிருந்து வேலைக்கு வரும் வழியிலும், வேலை முடிந்து வீடு திரும்பும் வழியிலும் நேரும் விபத்தையும், நேரமும் இடமும் சூழ்நிலையும் வேலையோடு பொருந்தினால், வேலையில் நேர்ந்ததாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். கல்யாண வீட்டிலிருந்து உங்களை இரவு பதினொன்றரைக்குக் கொண்டுவந்து விட்டவர் தன் பைக்கில் வீட்டுக்குப் போகும்போது விழுந்தால்? கார் பாலிசியின் அந்த வரி காரோடு சேர்ந்த வேலைக்குத்தான். ஆகவே பணம் உங்களிடமிருந்தே போக வேண்டி வரலாம்.

விபத்துக்குப் பிறகு பலர் ஒரு தவறு செய்கிறார்கள். துக்க வீட்டுக்குப் போய் இரண்டு லட்சம் கொடுத்து, ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று முத்திரைத்தாளில் கையெழுத்து வாங்கிக்கொள்கிறார்கள். உரிமையை விட்டுக்கொடுக்கும் அப்படிப்பட்ட ஒப்பந்தம் செல்லாது. இறப்புக்கான நஷ்டஈட்டைத் தொழிலாளர் துறையில் இதற்கென உள்ள அதிகாரியிடம்தான் செலுத்த வேண்டும். அவர்தான் வாரிசுகளுக்குப் பிரித்துத் தருவார். நேரில் கொடுத்ததில் மூன்று மாதச் சம்பளம் வரை முன்பணமாகக் கழித்துக்கொள்ளலாம், மீதி கணக்கில் ஏறாது.

ஆள் யாருடைய கணக்கில் சம்பளம் வாங்குகிறார் என்பதும் முக்கியம். சொந்தக் கம்பெனி வைத்திருப்பவர்கள் வீட்டு டிரைவரையும் சமையல்காரரையும் கம்பெனிச் சம்பளப் பட்டியலில் எழுதிவிடுவது நம் ஊரில் சகஜம். செலவாகக் காட்டலாம் என்பது அவர்கள் எண்ணம். அப்படி எழுதிய பிறகு அவர்கள் கம்பெனியின் ஊழியர்கள். அங்கே பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. உண்டென்றால் இவர்களுக்கும் சேர்த்தே கட்ட வேண்டும். ‘வீட்டு ஆள்தானே’ என்பது ஆய்வுக்கு வரும் அதிகாரியிடம் எடுபடாது.

பெரியவர்களைப் பார்த்துக்கொள்ள ஏஜென்சி அனுப்பும் ஆளுக்கு முதலாளி அந்த ஏஜென்சிதான். இருபது பேருக்கு மேல் வைத்து நடத்தினால் பி.எஃப். கட்டுவது அதன் கடமை. நீங்கள் மாதம் 25,000 கொடுக்கிறீர்கள் என்றால், ‘கையில் எவ்வளவு வருது அக்கா? பி.எஃப். நம்பர் கொடுத்திருக்காங்களா?’ என்று அந்த அம்மாவிடம் ஒரு முறை கேளுங்கள். நம்பர் இருந்தால் உமங் செயலியில் பணம் ஏறியிருக்கிறதா என்று அவரே பார்த்துக்கொள்ள முடியும்.

சமையல் செய்பவருக்கு வீட்டுக்காரர் மேல் சட்டம் சுமத்தும் பங்களிப்பு எதுவும் இல்லை. ஆனால் குக்கர் வெடித்தாலும் வழுக்கி விழுந்தாலும் அடிபடுவது அவர்தான். பிரதமர் சுரக்‌ஷா பீமா திட்டத்தில் வங்கிக் கணக்கிலிருந்து ஆண்டுக்கு 20 ரூபாய் எடுத்துக்கொண்டு, விபத்து மரணத்துக்கு 2 லட்சம் தருகிறார்கள். ஓய்வூதியத்துக்கு ஷ்ரம் யோகி மான்தன் திட்டம் இருக்கிறது. 18 முதல் 40 வயதுக்குள், மாத வருமானம் 15,000 ரூபாய்க்குள் இருப்பவர் சேரலாம். 29 வயதில் சேர்ந்தால் மாதம் 100 ரூபாய், அரசும் அதே அளவு போடும், அறுபதுக்குப் பிறகு மாதம் 3,000. இந்தத் தொகையை வீட்டுக்காரரே கட்டுவதற்கு 2022-இல் ‘டொனேட் எ பென்ஷன்’ என்று தனி வழியே திறந்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் 2007 முதல் வீட்டுப் பணியாளர் நல வாரியமும் இருக்கிறது. பிள்ளைகளின் படிப்புக்கு, கல்யாணத்துக்கு, மகப்பேறுக்கு உதவித்தொகை, அறுபது வயதுக்குப் பிறகு ஓய்வூதியம் என்று அதில் கிடைக்கும். உறுப்பினராகப் பதிவு செய்துகொள்ள வேண்டியது மட்டும் முக்கியம். ஆதார், வங்கிப் புத்தகத்தோடு, என்ன வேலை செய்கிறார் என்பதற்குச் சான்றும் கேட்பார்கள். ‘இவர் எங்கள் வீட்டில் வேலை செய்கிறார்’ என்று எழுதிக் கையெழுத்துப் போடப் பல வீடுகள் தயங்குகின்றன, பின்னால் ஏதாவது வழக்கு வருமோ என்று. டிரைவருக்கான பொறுப்பு அந்தக் கையெழுத்து இல்லாவிட்டாலும் வரும். சமையல் செய்பவருக்கு அந்தக் கையெழுத்தால் பி.எஃப். பொறுப்பு வந்துவிடாது. தயங்காமல் எழுதிக் கொடுங்கள்.