நேர்காணல் நடுவே நெட் போனால்

பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் லேப்டாப் பேட்டரியில் ஓடும். வைஃபை ரூட்டர்தான் அணைந்துவிடும். எதிரே இருப்பவர் முகம் அசையாமல் நின்றுவிட்டால் மேலே பேச வேண்டாம், அது அவர் காதுக்குப் போகாது. போனில் ஹாட்ஸ்பாட்டைப் போட்டு, லேப்டாப்பை அதில் இணைத்து, அதே லிங்கில் திரும்ப நுழையுங்கள். இரண்டு நிமிடத்தில் முடியாவிட்டால் ஹெச்.ஆருக்கு ஒரு மெசேஜ் அனுப்பிவிடுங்கள். அவர் நம்பரை முதல் நாளே பதிந்து வைத்திருக்க வேண்டும். சிக்னல் மந்தமென்றால் கேட்டுக்கொண்டு வீடியோவை நிறுத்தலாம். குரலுக்குக் கொஞ்சம் டேட்டாவே போதும்.

உள்ளே வந்ததும் நீண்ட விளக்கம் எதற்கு? "மன்னிக்கணும் சார், கரண்ட் போய்விட்டது. பில்லிங்கில் வந்த பிழையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். எதுவரை கேட்டது?" இப்படிக் கேட்டால், விட்ட இடத்தை அவரே எடுத்துக் கொடுப்பார்.