'பேசிக்' எவ்வளவு சார்?

துபாய் வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜென்ட் ஆபீஸில் பெரும்பாலானவர்கள் கேட்பது ஒரே கேள்வி: "சம்பளம் எவ்வளவு?" ஏஜென்டும் ஒரே தொகையைச் சொல்லி முடித்துவிடுவார். அந்தத் தொகைக்குள் அடிப்படைச் சம்பளம், அதாவது 'பேசிக்' எவ்வளவு, அலவன்ஸ் எவ்வளவு என்று பிரித்துக் கேட்பவர்கள் குறைவு. ஊர் திரும்பும்போது கையில் கிடைக்கும் பணம் அந்தப் பிரிவில்தான் இருக்கிறது.

ஏசி மெக்கானிக் ஒருவருக்கு மாதம் 1,800 திர்ஹம் என்று ஒரே நாளில் இரண்டு கம்பெனிகள் ஆஃபர் தருவதாக வைத்துக்கொள்வோம். முதல் கம்பெனியில் பேசிக் 1,000, அலவன்ஸ் 800. இரண்டாவதில் பேசிக் 1,500, அலவன்ஸ் 300. மாதா மாதம் வீட்டுக்கு அனுப்புவதில் வித்தியாசம் தெரியாது. ஆனால் ஐக்கிய அரபு அமீரகச் சட்டப்படி பணிக்கொடை, அங்கே எல்லோரும் சொல்கிற 'கிராஜுவிட்டி', கடைசியாக வாங்கிய பேசிக்கை வைத்துத்தான் கணக்கிடப்படும். முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள் பேசிக், அதற்கு மேல் ஆண்டுக்கு 30 நாள். ஆறு ஆண்டு முடித்து ஊர் திரும்பினால் முதல் கம்பெனியில் கிடைப்பது 4,500 திர்ஹம், இரண்டாவதில் 6,750. ஓவர்டைமுக்கும் பேசிக்தான் கணக்கு என்பதால் இந்த இடைவெளி மாதச் சம்பளத்திலும் எட்டிப் பார்க்கும்.

ஓராண்டு முடிக்காமல் கிளம்பினால் கிராஜுவிட்டி கிடையாது. "நாமாக ரிசைன் பண்ணினால் பாதிதான் தருவார்கள்" என்று இன்னமும் சொல்பவர்கள் உண்டு. அது பழைய சட்டத்தின் கதை. 2022 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் அந்தக் குறைப்பு இல்லை. சம்பளமில்லா விடுப்பில் இருந்த நாட்கள் மட்டும் கணக்கில் சேராது. சவூதிக்குப் போகிறவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அங்கே இரண்டு ஆண்டுக்குள் ரிசைன் செய்தால் ஒன்றும் கிடைக்காது. ஐந்து ஆண்டுக்குள் என்றால் மூன்றில் ஒரு பங்குதான்.

டிக்கெட் விஷயத்தில் மூன்று பயணங்களைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும். போகும் டிக்கெட்டை "இப்போது நீங்கள் போடுங்கள், சம்பளத்தில் திருப்பித் தருவார்கள்" என்றோ, "கம்பெனி போடும், பிறகு பிடித்துக்கொள்ளும்" என்றோ சொன்னால் உஷாராகிவிடுங்கள். ஆள் எடுக்கும் செலவைத் தொழிலாளி தலையில் கட்டுவதை அமீரகச் சட்டமே தடுக்கிறது. வேலை முடிந்து நிரந்தரமாகத் திரும்பும் டிக்கெட்டும் பொதுவாக முதலாளி பொறுப்பு. வேறு கம்பெனிக்கு மாறினாலோ, நம் தவறால் வேலை போனாலோ அந்தப் பொறுப்பு இல்லை.

நடுவில் லீவுக்கு ஊர் வரும் டிக்கெட்தான் சிக்கல். ஆண்டுக்கு 30 நாள் சம்பளத்துடன் விடுப்பு சட்டத்தில் இருக்கிறது, டிக்கெட் இல்லை. ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால்தான் உண்டு. "ரெண்டு வருஷத்துக்கு ஒரு டிக்கெட் உண்டு தம்பி" என்று ஏஜென்ட் சொன்னால், "போக வரவா, ஒரு வழியா சார்? திருச்சிக்கா, மும்பை வரைக்குமா? டிக்கெட்டா தருவாங்களா, பணமா தருவாங்களா?" என்று கேட்டுவிட வேண்டும். மும்பை வரை டிக்கெட் என்றால் மீதி வழிக்கு நம் பணம். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறைதான் லீவு என்றால், இரண்டு ஆண்டு விடுப்பும் சேர்த்து 60 நாளுக்கும் சம்பளம் உண்டா என்பதும் முக்கியம். ஒரு மாதம்தான் சம்பளம், மறு மாதம் கிடையாது என்ற பதில் சாதாரணமாக வரும்.

தங்குமிடத்துக்கு "ஃப்ரீ அக்காமடேஷன்" என்பது போதுமான பதில் இல்லை. எந்த ஏரியா கேம்ப், அறைக்கு எத்தனை பேர், சமைக்க இடம் உண்டா, மெஸ் என்றால் யார் பணம், சைட்டுக்கு வண்டி வருமா என்று கேளுங்கள். கம்பெனி இடம் தராவிட்டால் அலவன்ஸ் தர வேண்டும். 1,800-க்குள் இருக்கும் அலவன்ஸே அந்த வாடகைப் பணமாக இருந்தால், "ஃப்ரீ" என்று சொன்னது பொய்.

இத்தனையும் வாய்ப் பேச்சாக இருந்தால் துபாயில் செல்லாது. கிளம்பும் முன் கையெழுத்துக்கு வரும் அமீரகத் தொழிலாளர் அமைச்சகத்தின் ஆஃபர் லெட்டரில் பேசிக், அலவன்ஸ், விடுப்பு எல்லாம் தனித்தனி வரிகளாக இருக்கும். அங்கே இறங்கியபின் போடும் ஒப்பந்தம் அந்தக் கடிதத்துக்குக் கீழே போகக் கூடாது. லீவு டிக்கெட் அதில் இல்லையென்றால் கம்பெனி லெட்டர்ஹெட்டில் எழுதிக் கேளுங்கள். "முதலில் விசிட் விசாவில் போங்கள், அங்கே எல்லாம் பார்த்துக்கொள்ளலாம்" என்றால், கையெழுத்துப் போடக் கடிதமே இல்லை என்று பொருள்.

ஏஜென்டின் பதிவு எண்ணை emigrate.gov.in தளத்தில் சரிபார்க்கலாம். பதிவுபெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். அதற்கு மேல் 'டிக்கெட் காசு' என்று தனியாகக் கேட்டால், ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள்.