அண்ணாச்சியிடம் எதைக் கேட்பது?

டீ சொல்லியாச்சு. வருவதற்குள் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம். மல்லாங்கிணற்றில் ஒரு பள்ளி பிப்ரவரியில் ஆண்டு விழா நடத்துகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் இருவர் கடைத்தெருவுக்குப் போய், "விழாவுக்கு ஏதாவது பார்த்துச் செய்யுங்க அண்ணாச்சி" என்கிறார்கள். அவர் ஐந்நூறு ரூபாயை எடுத்து நீட்டுகிறார். அது கஞ்சத்தனம் இல்லை. எதற்கு, எவ்வளவு என்று சொல்லாமல் கேட்டால் யாரும் அப்படித்தான் கொடுப்பார்கள்.

பள்ளிக்குக் கொடுப்பது இந்தப் பக்கத்து வியாபாரிகளுக்குப் புதிதல்ல. காமராஜர் படித்த விருதுநகர் சத்திரிய வித்தியாசாலை 1889-இல் தொடங்கியது. அதற்குப் பின்னால் நின்றது மகமை. விற்கும் சரக்குக்கு இவ்வளவு என்று ஒரு சிறு தொகையை வியாபாரிகள் பொதுக் காரியத்துக்கு ஒதுக்கி வைத்தார்கள். வீடுகளில் பிடி அரிசி எடுத்து வைத்தார்கள். யார் எவ்வளவு தர வேண்டும், பணம் எங்கே போகிறது என்பது தருகிறவருக்குத் தெரிந்திருந்தது. நாம் எழுதிக் கொண்டுபோகும் ஒரு பக்கக் கடிதத்திலும் அந்தத் தெளிவு இருந்தால் போதும்.

முதலில் வரவுசெலவு. ஊருக்கு ஊர் தொகை மாறும். இது ஒரு மாதிரிதான்.

மேடை, பந்தல், மைக் செட்: 12,000
பரிசுகள், 60 × 150: 9,000
அழைப்பிதழ், சான்றிதழ்: 3,000
டீ, பிஸ்கட்: 4,000
கைச்செலவு: 2,000
மொத்தம்: 30,000
கையில் இருப்பது: 8,000
தேவை: 22,000

கையில் இருப்பதைக் காட்டத் தயங்காதீர்கள். பள்ளியும் தன் பங்கைப் போடுகிறது என்று அந்த வரிதான் சொல்கிறது. டீ, கைச்செலவு போன்ற, யாரும் பெயர் போட்டுக்கொள்ள விரும்பாத செலவுகளை அந்த எட்டாயிரத்தில் தள்ளிவிடுங்கள். மீதி இரண்டாயிரம் மேடைக்கு. இப்போது கேட்பதற்கு மூன்றே இனங்கள்தான்: மேடைக்குப் பத்தாயிரம், பரிசுக்கு ஒன்பதாயிரம், அச்சுக்கு மூவாயிரம்.

இனத்துக்கு ஏற்ற ஆளைத் தேடுங்கள். சிவகாசி அச்சகக்காரரிடம் பணம் கேட்க வேண்டாம். அழைப்பிதழையும் சான்றிதழையும் அடித்துத் தரச் சொல்லுங்கள். அவருக்கு அது காகிதமும் மையும்தான், நமக்கு மூவாயிரம் ரூபாய். பட்டாசுக் கடைக்காரர் பரிசுச் செலவை ஏற்கலாம். வாண வேடிக்கைக்கு வெடி தருகிறேன் என்றால் பிள்ளைகள் கூடும் இடம் என்று சொல்லித் தவிர்த்துவிடுங்கள். புகையிலை நிறுவனம் பக்கமே போக வேண்டாம். புகையிலையை விளம்பரப்படுத்தும் நன்கொடையை 2003-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது.

பிறகு, பதிலுக்கு என்ன தருகிறோம் என்பது. அழைப்பிதழின் பின்பக்கத்தில் 'நன்றி' என்று போட்டு நிறுவனத்தின் பெயர், மேடையில் ஒருமுறை அறிவிப்பு, ஒரு சால்வை. இவ்வளவு போதும். கடைப் பொருளின் விலைப்பட்டியல், வகுப்பறையில் பேனர், பிள்ளைகள் கையில் நோட்டீஸ் என்று போனால் அது நன்றி இல்லை, விளம்பரம். ஜிஎஸ்டியும் இந்தக் கோட்டைப் பார்க்கிறது: தருமக் காரியம் செய்யும் அமைப்புக்குக் கொடுத்த நன்கொடைக்கு, தொழிலை விளம்பரம் செய்யாமல் கொடுத்தவர் பெயரை மட்டும் நன்றியாகப் போட்டால் வரி இல்லை என்று 2019-இல் ஒரு சுற்றறிக்கை தெளிவாக்கியது. "வருமான வரிக்கழிவு கிடைக்குமா?" என்று கேட்டால், பணம் வாங்கும் அமைப்புக்கு அதற்கான பதிவு இல்லையென்றால் கிடைக்காது என்று சொல்லிவிடுங்கள்.

கடிதத்தில் தலைமையாசிரியர் கையெழுத்து இருக்கட்டும். பணம் பெற்றோர் ஆசிரியர் கழகக் கணக்குக்கு வரட்டும். ரசீது உடனே போகட்டும். ஓர் ஆசிரியரின் சொந்த ஜிபே எண்ணுக்கு வாங்கினால், நல்ல மனிதருக்கும் கெட்ட பேர் வரும்.

நேரமும் முக்கியம். தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் பட்டாசு ஆபீசில் நிமிர்ந்து பார்க்க ஆள் இருக்காது. டிசம்பரில் அச்சகங்கள் காலண்டரிலும் டைரியிலும் மூழ்கியிருக்கும். பிப்ரவரி விழாவுக்கு ஜனவரி முதல் வாரத்தில், கடையில் கூட்டம் இல்லாத மத்தியானத்தில் நேரில் போங்கள். "அழைப்பிதழ் 25-ஆம் தேதி அச்சுக்குப் போகிறது, அதற்குள் சொன்னால் பெயர் சேர்த்துவிடலாம்" என்று சொல்லிக் கடிதத்தைக் கொடுத்துவிட்டு வாருங்கள். அவருக்கு யோசிக்க நாள் கிடைக்கிறது. உங்களுக்குத் திரும்பப் போக ஒரு காரணம் கிடைக்கிறது. ஒரே தொழிலில் இரண்டு பேரிடம் ஒரே இனத்தைக் கேட்காதீர்கள். அழைப்பிதழில் எதிர்க்கடைக்காரர் பெயரைப் பார்த்தால் இருவருக்கும் வருத்தம்.

பெரும்பாலான பள்ளிகள் தவறவிடுவது விழா முடிந்த பிறகுதான். இரண்டு வாரத்துக்குள், அதே ஐந்து இனங்களுக்கு எதிரே உண்மையில் ஆன செலவை எழுதி, ஒரு புகைப்படத்தோடு கொண்டுபோய்க் கொடுங்கள். பரிசில் ஐந்நூறு மிஞ்சியிருந்தால் அதையும் எழுதி, என்ன செய்யலாம் என்று அவரிடமே கேளுங்கள். அடுத்த வருஷம் நீங்கள் பேச்சை எடுக்கும் முன்பே, "இந்தத் தடவை எவ்வளவு?" என்று அவர் கேட்பார்.