வெள்ளைச் சட்டை நனைந்தால்

துணி எவ்வளவு புற ஊதாக் கதிரை உள்ளே விடுகிறது என்பதை அளந்து எண்ணாகச் சொல்லும் தர விதியை, ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் 1996-இல் கொண்டுவந்தன. அந்த எண்ணின் பெயர் யுபிஎஃப். 50 என்றால் ஐம்பதில் ஒரு பங்கு கதிர்தான் தோலைத் தொடும்.

மெல்லிய வெள்ளைப் பருத்தி டி-ஷர்ட்டின் எண் ஏறக்குறைய 7. அதாவது ஏழில் ஒரு பங்கு உள்ளே வருகிறது. அதே சட்டை கடலில் நனைந்தால் எண் 3 அளவுக்கு இறங்கிவிடும். மூன்றில் ஒரு பங்கு கதிர் தோலுக்குப் போகிறது. காய்ந்த பருத்தியில் இழைகளுக்கு நடுவே இருக்கும் காற்று, ஒளியைச் சிதறடித்துத் திருப்பி அனுப்புகிறது. அந்த இடத்தைத் தண்ணீர் நிரப்பியதும் சிதறல் குறைந்து, ஒளி நேராக ஊடுருவுகிறது. நனைந்த வெள்ளைச் சட்டைக்குள் உடம்பு தெரிவதும் இதனால்தான். குழந்தைகளைச் சாதாரணச் சட்டையோடு மணிக்கணக்கில் நீரில் விளையாட விடுவது எனக்குக் கவலை தருகிறது.

எல்லாவற்றையும்விட முக்கியம் நெசவின் நெருக்கம். இழைகளுக்கு இடையிலுள்ள துளை வழியே போகும் கதிரை எந்தச் சாயமும் தடுக்காது. இறுக்கமான உடை முழங்கையிலும் தோளிலும் இழுபடும்போது துளைகள் விரிகின்றன. ஆய்வகமோ துணியை இழுக்காமல், உலர்ந்த நிலையில்தான் சோதிக்கிறது. புதுப் பருத்தி துவைத்துச் சுருங்கியபின் சற்றுக் கூடுதலாகவே காக்கும். நெசவு ஒன்றாக இருந்தால், அடர்நிறச் சாயம் இழையில் படும் கதிரை அதிகம் உறிஞ்சும்.

வாங்குமுன் துணியை விளக்குக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் தாராளமாகத் தெரிந்தால் கதிரும் நுழையும். தெரியாவிட்டால் நல்ல அறிகுறி, ஆனால் உறுதியல்ல: கண்ணுக்குத் தெரியாத கதிரை அளக்கக் கருவிதான் வேண்டும்.