அப்பளம் ஏன் பொரியுது? ஒரு ரிப்போர்ட்டும் மூணு வகை எழுத்தும்

செகண்ட் இயர்ல ஒரு ரிப்போர்ட் எழுதச் சொன்னாங்க: "உங்க ஊர்த் தொழில் ஒண்ணை எடுத்து, அதுக்குப் பின்னால இருக்கிற அறிவியலை மதிப்பிட்டு எழுதுங்க." எனக்கு ஊர் கல்லிடைக்குறிச்சி. வேற எதை எழுதுவேன்? அப்பளம்தான். ஆறு பக்கம், படமெல்லாம் ஒட்டிக் கொடுத்தேன். இருபதுக்கு ஒன்பது வந்துச்சு. தப்புன்னு எங்கயும் சிவப்பு மை இல்ல. ரெண்டாம் பக்க ஓரத்துல மட்டும் பென்சில்ல ஒரு வார்த்தை: "அதனால?"

அந்த ஒரு கேள்விக்குப் பதில் கண்டுபிடிக்க எனக்கு ஒரு செமஸ்டர் ஆச்சு. உங்களுக்கு அவ்வளவு நாள் ஆக வேண்டாம்னுதான் இந்தக் கட்டுரை.

முதல்ல நான் எழுதினது இது: "உளுந்து மாவில் உப்பு, அப்பளக்காரம், பிரண்டைச் சாறு சேர்த்துக் கெட்டியாகப் பிசைவார்கள். எண்ணெய் தொட்டு உலக்கையால் இடிப்பார்கள். கயிறு போல உருட்டி, சிறு துண்டுகளாக அறுத்து, மெல்லிசாகத் தேய்த்துக் காயவைப்பார்கள்." எல்லாமே சரியான தகவல். ஆறு பக்கமும் இப்படித்தான் இருந்துச்சு. இது விவரிப்பு. என்ன இருக்கு, என்ன நடக்குது, எந்த வரிசையில நடக்குதுன்னு மட்டும் சொல்லும். எங்க ஆச்சிகிட்ட கேட்டா இதைவிட நல்லா சொல்லுவா. கேள்வித்தாள்ல "விவரி", "பட்டியலிடு"ன்னு இருந்தா இது போதும். எனக்கு வந்த கேள்வியிலயோ "மதிப்பிட்டு"ன்னு ஒரு சொல் இருந்துச்சு. அதை நான் கண்டுக்கவே இல்ல.

அடுத்தது பகுப்பாய்வு. இங்க கேள்வி "ஏன்", "எப்படி". ஒரு பொருளைப் பாகம் பாகமாப் பிரிச்சு, எந்தப் பாகம் என்ன வேலை செய்யுது, ஒண்ணு மாறினா இன்னொண்ணு எப்படி மாறும்னு காட்டணும். அப்பளத்தையே எடுத்துக்குவோம். காய்ஞ்ச அப்பளத்துல கொஞ்சம் ஈரம் மிச்சம் இருக்கும். பொதுவா நூத்துக்கு 12 முதல் 15 பங்கு. சூடான எண்ணெயில போட்டதும் அந்த ஈரம் சில நொடியில நீராவியாகுது. தண்ணி ஆவியானா கொள்ளளவு சுமார் 1,600 மடங்கு பெருகும். வெளியேற வழி தேடுற அந்த ஆவியை உளுந்தோட பசைத்தன்மை சுலபமா விடாது. அதனால மாவு விரிஞ்சு, அப்படியே மொறுமொறுன்னு இறுகிடுது.

இந்தக் காரணம் புரிஞ்சா ஆச்சி சொல்ற பக்குவமும் புரியும். ரொம்பக் காய்ஞ்சு போன அப்பளம் ஏன் சரியா விரியல? ஆவியாக உள்ள ஈரமே இல்ல. அரைகுறையாக் காய்ஞ்சது ஏன் டப்பாவுலயே பூஞ்சை பிடிக்குது? ஈரம் அளவுக்கு மேல இருக்கு. விவரிப்புல "காயவைப்பார்கள்"னு ஒரே சொல்லா முடிஞ்ச வேலை, பகுப்பாய்வுல மொத்த அப்பளத்தோட தலையெழுத்தையே தீர்மானிக்கிற படியா மாறிடுது பாருங்க.

மூணாவது விமர்சன எழுத்து. விமர்சனம்னா குறை சொல்றதுன்னு நெனச்சுடாதீங்க. ஒரு கூற்றை எடுத்து, அதுக்கு என்ன ஆதாரம் இருக்கு, அது எவ்வளவு தூரம் தாங்கும், வேற விளக்கம் உண்டா, கடைசியா நாம எந்தப் பக்கம் நிக்கிறோம்னு சொல்றது அது. எங்க ஊர்ல யாரைக் கேட்டாலும் சொல்ற கூற்று ஒண்ணு உண்டு: "தாமிரபரணித் தண்ணிதான் அப்பளத்துக்கு ருசி." என் ரிப்போர்ட்லயும் அது இருந்துச்சு. "அதனால?" கேள்வி அந்த வரிக்கு நேராதான் எழுதியிருந்துச்சு.

அந்தக் கூற்றைச் சோதிச்சுப் பார்ப்போம். ஆத்துத் தண்ணி மென்தண்ணி, போர் தண்ணியில கடினத்தன்மை அதிகம், அந்தக் கால்சியம் அப்பளக்காரத்தோட சேர்ந்து படிஞ்சு அதோட வேலையைக் கெடுத்துடும்னு ஒரு விளக்கம் சொல்லலாம். கேக்க நல்லாதான் இருக்கு. கணக்குப் போட்டா? ஒரு கிலோ மாவுக்கு 400 மில்லி தண்ணி, 10 கிராம் காரம்னு வைங்க. காரம் முழுக்க சோடியம் கார்பனேட்னும், போர் தண்ணியோட கடினத்தன்மை லிட்டருக்கு 300 மில்லிகிராம்னும் வைங்க. 400 மில்லியில அது 120 மில்லிகிராம். அது தின்னுற காரம் ஏறக்குறைய 127 மில்லிகிராம். மொத்தக் காரம் 10,000 மில்லிகிராம். அதாவது நூத்துல ஏறக்குறைய ஒண்ணேகால் பங்குதான். கை அளவுல காரம் போடுறப்ப வர்ற வித்தியாசமே இதைவிடப் பெருசு.

அப்போ தண்ணிக்கும் ருசிக்கும் சம்பந்தமே இல்லன்னு எழுதிடலாமா? கூடாது. இந்தக் கணக்கு ஒரே ஒரு வழியைத்தான் அடைக்குது: காரம் வழியா தண்ணி பெரிய மாற்றம் செய்யுதுங்கிற விளக்கம் நிக்காது. கால்சியம் உளுந்தோட பசையையோ புரதத்தையோ நேரா பாதிக்கலாம். அதை இந்தக் கணக்கு தொடவே இல்ல. இன்னொரு பக்கம், இடிக்கிற நேரம், காய்ச்சல் பதம், தலைமுறையாப் பழகின கை இதெல்லாம் ருசிக்குக் காரணமா இருந்து, பேரு மட்டும் தண்ணிக்குப் போயிருக்கலாம்.

பிரிச்சுப் பார்க்க வழி இருக்கு. ஒரே மாவு, ஒரே ஆள், ஒரே காய்ச்சல். தண்ணி மட்டும் ரெண்டு வகை. சாப்பிடுற ஒவ்வொருத்தருக்கும் மூணு துண்டு கொடுக்கணும். ரெண்டு ஒரு வகை, ஒண்ணு வேற. வித்தியாசமானது எதுன்னு அவங்க சொல்லணும். குருட்டாம்போக்குல சொன்னாலே 12 பேர்ல 4 பேர் சரியாச் சொல்லிடுவாங்க. அதனால 5 பேர் சரியாச் சொன்னா ஒண்ணும் அர்த்தமில்ல. குறைஞ்சது 8 பேராவது சொன்னாதான் "தண்ணி மாறினா ருசி மாறுது"ன்னு துணிஞ்சு எழுதலாம்.

இப்போ முக்கியமான இடம். மேல போட்ட கணக்குக்கு என்னென்ன தேவைப்பட்டுச்சு? தண்ணி எவ்வளவு, காரம் எவ்வளவு. என் ஆறு பக்க விவரிப்புல ரெண்டுமே இல்ல! உலக்கையோட படம் இருந்துச்சு, காரத்தோட அளவு இல்ல. விமர்சனம் எழுத உக்காந்தப்பதான் எந்த விவரம் தேவை, எது வெறும் அலங்காரம்னு தெரிஞ்சுது. அதனால இந்த மூணும் ஏணிப்படி மாதிரி ஒண்ணை விட்டு ஒண்ணுல ஏறிப்போற விஷயம் இல்ல. போயிட்டுத் திரும்பி வரணும். விவரம் இல்லாத விமர்சனம் வெறும் அபிப்பிராயம், விமர்சனம் இல்லாத விவரத்துக்குக் கிடைக்கிறது "அதனால?"

நம்ம கேள்வித்தாள்கள்ல K1, K2னு ஓரத்துல போட்டிருக்கிறதைப் பார்த்திருப்பீங்க. ப்ளூம் வகைப்பாட்டுல இருந்து வந்தது அது. K1, K2 நினைவும் புரிதலும், அதாவது விவரிப்பு. K4 பகுப்பாய்வு. K5 மதிப்பிடல். K5 கேள்விக்கு K2 பதிலை எத்தனை பக்கம் எழுதினாலும், அந்த மேல்படிக்கு ஒதுக்கின மார்க் அப்படியே நிக்கும். கையெழுத்து அழகுக்கு அது இறங்கி வராது.

எழுதி முடிச்சதும் ஒவ்வொரு பத்தியோட கடைசி வரியையும் மட்டும் படிச்சுப் பாருங்க. அது ஒரு செயலோடவோ தகவலோடவோ முடிஞ்சா விவரிப்பு. "ஆகையால் இது மாறினால் அது மாறும்"னு முடிஞ்சா பகுப்பாய்வு. "இந்த அளவுக்கு ஏற்கலாம், இதுக்கு மேல் ஆதாரம் இல்லை"ன்னு முடிஞ்சா விமர்சனம். என் ரிப்போர்ட்ல பதினாலு பத்தி. பதினாலும் முதல் வகை.

அடுத்த செமஸ்டர்ல அதே தலைப்பை நாலு பக்கத்துல எழுதினேன். இருபதுக்குப் பதினாறு. ஆச்சிகிட்ட அந்தத் தண்ணிக் கணக்கையும் சொன்னேன். "கணக்கு கிடக்கட்டும்ல, மொதல்ல அந்த மூணு துண்டைக் கொண்டா, நான் சொல்லுதேன்"னா.