உங்களுக்குத் தெரியுமா? 0.01 ஓம், 68 ஓமாகும்!

ஹாலிஎலப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலைக்கு 33,000 வோல்ற் லைனை 400 வோல்ற்றாக இறக்கும் டிரான்ஸ்போமரில், துணைச் சுருளின் 0.01 ஓம் தடை முதன்மைப் பக்கத்திலிருந்து பார்த்தால் ஏறத்தாழ 68 ஓமாகத் தெரியும்.

• வோல்ற்றளவு விகிதம் 82.5. தடை மாறுவது அதன் வர்க்கத்தால், அதாவது 6,806 மடங்கு. முதன்மைப் பக்கத்தில் வோல்ற்றளவு 82.5 மடங்கு கூட, மின்னோட்டம் அதே மடங்கு குறைவு. இரண்டும் சேர்ந்தே வர்க்கம் வருகிறது. ரியாக்டன்ஸுக்கும் இதே கணக்குத்தான்.

• சரிபார்க்க வெப்ப இழப்பைப் பாருங்கள். 100 கேவிஏ முழுச்சுமையில், நட்சத்திர இணைப்பாக எடுத்தால், துணைப் பக்கத்தில் பேஸுக்கு 144.3 அம்பியர்; முதன்மையில் 1.75 மட்டுமே. இரு பக்கமும் பேஸுக்கு இழப்பு ஏறத்தாழ 208 வாற்றுத்தான். விகிதத்தை வர்க்கமாக்க மறந்தவருக்கு இங்கேயே பிழை தெரிந்துவிடும்.

• பிறகு சமானச் சுற்றில் காந்தமாக்கும் கிளையைச் சப்ளை முனைக்கே நகர்த்தி வரையுங்கள். இரு சுருள்களின் தடைகளும் ரியாக்டன்ஸ்களும் ஒரே தொடராகக் கூடிவிடும். இதுவே தோராயச் சமானச் சுற்று. வெற்றுச்சுமை மின்னோட்டம் முழுச்சுமையில் சில வீதமே என்பதால் பிழை சிறிது. அந்த மின்னோட்டம் பெரிதாக உள்ள மிகச் சிறிய டிரான்ஸ்போமர்களுக்கு இந்தப் படத்தை நம்பக்கூடாது.